குறும்படத்தை முடித்து ஒப்படைக்கும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடிட், கிரேடிங், மிக்ஸிங் எல்லாம் முடிந்து, "இனி அனுப்ப வேண்டியதுதான்" என்ற நிலையில் இருக்கும் இயக்குநர்களிடமிருந்து வரும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணத்துக்கு ஒரே படத்தை வைத்துக்கொள்வோம்: 20 நிமிடத் தமிழ்க் குறும்படம், 25 ஃப்ரேமில் எடுத்தது, ஆங்கில சப்டைட்டிலோடு திரைப்பட விழாக்களுக்குப் போகிறது.

எடிட்ல இருந்து எம்பி4 எடுத்துட்டேன், பார்க்க நல்லா இருக்கு. அதையே எல்லாருக்கும் அனுப்பினா போதாதா?

பார்க்கக் கொடுக்க அது போதும். அதிலிருந்து இன்னொன்றைச் செய்யத்தான் போதாது. எம்பி4 கோப்பு அளவைக் குறைப்பதற்காகப் பட விவரங்களை நிறையவே தூக்கி எறிந்துவிடுகிறது. அதை மறுபடி அமுக்கித் தியேட்டர் கோப்பாகவோ டிரெய்லராகவோ மாற்றும்போது இருட்டுக் காட்சிகளில் கட்டம் கட்டமாகவும், வானத்தில் பட்டை பட்டையாகவும் தெரியும். கணினித் திரையில் கண்ணில் படாத இந்தக் குறை நாற்பதடித் திரையில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

அதனால் முதலில் ஒரு மாஸ்டர் எடுங்கள். எம்பி4, தியேட்டர் கோப்பு, டிரெய்லர், ஸ்டில் எல்லாமே அதிலிருந்து பிறக்க வேண்டும். ஒன்றின் நகலிலிருந்து இன்னொன்று என்று சங்கிலியாகப் போகக்கூடாது.

சரி, மாஸ்டரை எந்த ஃபார்மேட்ல எடுக்கணும்? 4கே ஆக்கிடலாமா?

எக்ஸ்போர்ட் பட்டியலில் `ProRes 422 HQ` இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் விண்டோஸ் கணினியில் அது வராவிட்டால் `DNxHR HQX` எடுக்கலாம். இரண்டையும் எந்த போஸ்ட் புரொடக்‌ஷன் கூடத்திலும் திறந்துவிடுவார்கள். ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், அமுக்கப்படாத பிசிஎம். 1920 × 1080 அளவில், 25 ஃப்ரேமில் இந்த ப்ரோரெஸ் நொடிக்குச் சுமார் 184 மெகாபிட் எடுக்கும். நம்முடைய 20 நிமிடப் படம் 28 ஜிபி அளவில் வந்து நிற்கும். கோப்பு 3 ஜிபிதான் வந்திருக்கிறது என்றால் ஏதோ தவறான தேர்வு விழுந்திருக்கிறது, திரும்பிப் பாருங்கள்.

படத்தை எந்த அளவில் முடித்தீர்களோ அதே அளவில் மாஸ்டர் எடுங்கள். 1080-இல் முடித்ததை 4கே ஆக்கினால் கோப்புதான் நான்கு மடங்கு பெருக்கும், புதிதாக ஒரு விவரமும் வராது. யாராவது 4கே கேட்டால் அன்றைக்கு மாஸ்டரிலிருந்து மாற்றிக் கொடுத்துக்கொள்ளலாம்.

மாஸ்டர்லயே இங்கிலீஷ் சப்டைட்டில் போட்டுட்டா வேலை மிச்சம்தானே?

வேலை இரட்டிப்பாகும். படத்தின் மேல் அச்சாகிவிட்ட எழுத்தை எடுக்க முடியாது. பிரெஞ்சு சப்டைட்டில் கேட்கும் விழா வந்தால் ஆங்கிலத்தின் மேலேயே பிரெஞ்சை ஒட்ட வேண்டியிருக்கும். சப்டைட்டிலில் ஓர் எழுத்துப்பிழை கண்டால்கூட மொத்தப் படத்தையும் மறுபடி எடுக்க வேண்டும்.

மாஸ்டர் சப்டைட்டில் இல்லாமல் இருக்கட்டும். அதோடு, படத்தின் பெயர், "மதுரை, 1998" போன்ற இடக்குறிப்புகள், பின்னணியில் படம் ஓடும் டைட்டில் பகுதி இவற்றில் எழுத்தை மட்டும் அணைத்துவிட்டு அந்தத் துண்டுகளைத் தனியாக ஒருமுறை எடுத்து வையுங்கள். இதைத்தான் டெக்ஸ்ட்லெஸ் என்கிறோம். பின்னாளில் இன்னொரு மொழிக்கு உரிமை விற்கும்போது முதலில் கேட்பது இதையும், வசனம் இல்லாத இசை-ஒலி டிராக்கையும்தான். ப்ராஜெக்ட் திறந்திருக்கும் இன்றைக்கு இது அரை மணி நேர வேலை. இரண்டு வருடம் கழித்து ஃபான்ட் காணோம், ப்ளகின் காணோம் என்று நாள் கணக்கில் இழுக்கும்.

25 ஃப்ரேம்ல எடுத்திருக்கேன். விழாவில 24 கேக்கறாங்க. வெறுமனே செட்டிங்கை மாத்தினா போதுமா?

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட் மினுக்காமல் இருக்க 25-இல் எடுப்பது சகஜம். ஆனால் எடிட் டைம்லைனில் ஃப்ரேம் எண்ணை 24 என்று மாற்றி எக்ஸ்போர்ட் கொடுத்தால், மென்பொருள் நொடிக்கு ஒரு ஃப்ரேமை விழுங்கிவிடும். கேமரா மெதுவாக நகரும் ஷாட்டில் நொடிக்கு ஒருமுறை ஒரு குலுக்கல் தெரியும். ஓடும் பேருந்தின் ஜன்னல், கிரெடிட் உருளல் இந்த இரண்டையும் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு ஃப்ரேமையும் விடாமல் படத்தை மெதுவாக ஓடவிடுவதுதான் சரியான வழி. அப்போது 20 நிமிடப் படம் 20 நிமிடம் 50 விநாடி ஆகும். ஒலியும் அதே அளவு நீளும். அப்படியே இழுத்தால் குரல் கொஞ்சம் தடித்துக் கேட்கும். சுருதி மாறாமல் நீட்டித் தரச் சொல்லி மிக்ஸிங் பொறியாளரிடம் கேளுங்கள், பாட்டு இருந்தால் கட்டாயம் கேளுங்கள். டிசிபி எனப்படும் தியேட்டர் கோப்பு 25 ஃப்ரேமில் இருந்தாலும் பல தியேட்டர்கள் ஓட்டிவிடும் என்பதால், மாற்றுவதற்கு முன் "25 ஓடுமா?" என்று விழாவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

23.976-இல் எடுத்தவர்களுக்குக் கவலை குறைவு. டிசிபியில் அந்த எண்ணே கிடையாது, 24 ஆகத்தான் ஓடும். 20 நிமிடத்துக்கு 1.2 விநாடிதான் வித்தியாசம்.

டிசிபின்னா என்ன? நானே பண்ண முடியுமா?

தியேட்டர் சர்வர் படிக்கும் கோப்புத் தொகுப்பு அது. ஒரே கோப்பாக வராது, ஒரு ஃபோல்டராக வரும். படம் ஒரு எம்எக்ஸ்எஃப், ஒலி ஒரு எம்எக்ஸ்எஃப், எது எப்போது ஓட வேண்டும் என்று சொல்லும் சில எக்ஸ்எம்எல் கோப்புகள். உள்ளே இருக்கும் எந்தக் கோப்பின் பெயரையும் மாற்றாதீர்கள். பட்டியலில் இருக்கும் பெயரும் நிஜப் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் சர்வர் படத்தை உள்ளே ஏற்றவே மறுத்துவிடும்.

நீங்களே பண்ணலாம். `DCP-o-matic` என்ற இலவச மென்பொருள் ஒழுங்காக வேலை செய்கிறது. 1920 × 1080 படத்துக்கு ஃப்ளாட் எனப்படும் 1998 × 1080 சட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பக்கமும் 39 பிக்சல் கறுப்பு விழும், திரையில் யாரும் கவனிக்கமாட்டார்கள். அந்தக் கறுப்பை ஒழிக்கப் படத்தைப் பெரிதாக்கினால் மேலும் கீழும் வெட்டுப்படும், தலையோ சப்டைட்டிலோ போய்விடும். செய்து முடித்த பிறகு ஒரு தியேட்டரில் காலைக் காட்சிக்கு முன் பத்து நிமிடமாவது ஓட்டிப் பார்க்க அனுமதி வாங்குங்கள். வண்ணம் சரியாக மாறியிருக்கிறதா என்பது தியேட்டர் திரையில்தான் உறுதியாகத் தெரியும்.

ஸ்டீரியோ மிக்ஸ் மட்டும்தான் இருக்கு. தியேட்டர்ல பிரச்சினை வருமா?

ஓடும். ஆனால் வசனம் இடது, வலது ஸ்பீக்கர்களிலிருந்து மட்டும் வரும். இடது ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு நாயகன் திரை நடுவில் நின்றாலும் குரல் இடது சுவரிலிருந்து கேட்கும். வசனம், இசை, எஃபெக்ட்ஸ் தனித்தனி டிராக்காக இருந்தால் வசனத்தை மட்டும் நடு ஸ்பீக்கருக்கு நகர்த்துவது பெரிய வேலையில்லை. அதனால் மிக்ஸ் முடிந்ததும் இந்த மூன்றையும் தனித்தனி வேவ் கோப்புகளாகக் கேட்டு வாங்குங்கள். மூன்றாம் கேள்வியில் சொன்ன வசனம் இல்லாத டிராக்கும் இவற்றிலிருந்துதான் கிடைக்கும்.

சப்டைட்டில் கோப்பைத் திறந்தா தமிழுக்குப் பதிலா ஏதேதோ குறி வருது. கோப்பு போயிடுச்சா?

என்ன குறி வருகிறது என்பதைப் பொறுத்தது. `à®…` மாதிரி வரிசையாக வந்தால் கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. யுடிஎஃப்-8-இல் சேமித்ததை மென்பொருள் வேறு குறியீடாகப் படிக்கிறது, அவ்வளவுதான். திறக்கும்போது `UTF-8` என்று தேர்ந்தெடுத்தால் தமிழ் வந்துவிடும். தமிழ் இருந்த இடமெல்லாம் `????` என்று கேள்விக்குறியாக இருந்தால் யாரோ `ANSI` என்று சேமித்துவிட்டார்கள். அந்தக் கோப்பிலிருந்து எழுத்தை மீட்க முடியாது, முந்தைய பிரதியைத் தேடுங்கள்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. பழைய டிடிபி பழக்கத்தில் பாமினி போன்ற எழுத்துருவில் தட்டியிருந்தால், ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து வரும். அது ஃபான்ட் இருக்கும் கணினியில் மட்டும் தமிழாகத் தெரியும். யூனிகோடாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். மாற்றிய பிறகு ஒருமுறை முழுக்கப் படியுங்கள், கொம்பும் காலும் சில இடங்களில் இடம் மாறியிருக்கும்.

சரியான எஸ்ஆர்டி சப்டைட்டில் கோப்பு இப்படி இருக்கும். விநாடிக்கும் மில்லிவிநாடிக்கும் நடுவில் புள்ளி இல்லை, காற்புள்ளி:

```
41
00:07:12,480 --> 00:07:15,100
அண்ணே, அந்தப் பூட்டுச் சாவி
யார்கிட்ட இருக்கு?
```

எஸ்ஆர்டி முதல்ல சரியா ஓடுது, கடைசியில வசனத்துக்கும் எழுத்துக்கும் சம்பந்தமே இல்ல. ஏன்?

போகப் போக இடைவெளி கூடுகிறது என்றால் ஃப்ரேம் கணக்குதான் காரணம். நம்முடைய படத்தையே பாருங்கள். 25-இல் செய்த எஸ்ஆர்டி-யில் 16-வது நிமிடத்தில் வரும் வரி, 24 ஆக மெதுவாக்கிய படத்தில் 16 நிமிடம் 40 விநாடியில் வர வேண்டும். அதாவது ஒவ்வொரு நேரத்தையும் 25-ஆல் பெருக்கி 24-ஆல் வகுக்க வேண்டும். `Subtitle Edit` என்ற இலவச மென்பொருளில் இதற்கென்றே `Change frame rate` இருக்கிறது.

முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவு தள்ளி நிற்கிறது என்றால் தொடக்கம் பிசகியிருக்கிறது. அங்கே எல்லா வரிகளையும் அந்த அளவு நகர்த்தினால் சரியாகிவிடும். ஒரு வரியும் வரவே இல்லை என்றால் கோப்பைத் திறந்து முதல் நேரத்தைப் பாருங்கள். `01:00:` என்று ஆரம்பித்தால் விஷயம் அதுதான். டாவின்சி ரிசால்வில் டைம்லைன் இயல்பாகவே ஒரு மணியில் தொடங்கும், அந்த ஒரு மணி நேரம் எஸ்ஆர்டிக்குள்ளும் வந்துவிடும். 20 நிமிடப் படத்தில் ஒரு மணிக்கு மேல் வர வேண்டிய வரி எப்படித் தெரியும்? எல்லாவற்றிலும் ஒரு மணியைக் கழியுங்கள்.

இடையில் ஓர் இடத்திலிருந்து திடீரென்று பிசகினால், சப்டைட்டில் செய்த பிறகு அங்கே யாரோ எடிட்டில் கைவைத்திருக்கிறார்கள்.

டிசிபியில தமிழ் சப்டைட்டில் போடணும். எஸ்ஆர்டி குடுத்தா போதுமா?

ஆங்கிலத்துக்குப் போதும். தமிழுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். 'கொ' என்ற எழுத்தில் கொம்பு முன்னால், எழுத்து நடுவில், கால் பின்னால் என்று திரையில் வரைய வேண்டும். கோப்பில் அது 'க' என்றும் ஒகரக் குறி என்றும்தான் பதிந்திருக்கும். பிரித்து வரைவது மென்பொருளின் பொறுப்பு. கணினியும் கைபேசியும் இதைச் செய்கின்றன. எழுத்துகளை வரிசையாக மட்டும் அடுக்கத் தெரிந்த தியேட்டர் கருவிகள் இன்னும் இருக்கின்றன, அங்கே கொம்பு வேறு எழுத்தின் தலையில் ஏறிவிடும்.

தமிழைப் படத்திலேயே பதித்த தனி டிசிபி செய்யுங்கள், அல்லது ஒவ்வொரு வரியையும் சிறு பிஎன்ஜி படமாக வைக்கும் முறையைக் கேளுங்கள். பதிப்பதாக இருந்தாலும் மாஸ்டர் கைபடாமல் இருக்கட்டும். பதித்தது டிசிபியில் மட்டும்.

ஸ்டில் கேக்கறாங்க. படத்துல இருந்தே ஒரு ஃப்ரேம் எடுத்து அனுப்பலாமா?

இணையப் பக்கத்துக்கு அனுப்பலாம், அச்சுக்கு யோசிக்க வேண்டும். அச்சில் ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வைத்தால் 1920 × 1080 ஃப்ரேம் 6.4 அங்குல அகலம்தான் வரும். விழா மலரில் கால் பக்கத்துக்குச் சரி. 27 × 40 அங்குல போஸ்டருக்கு அதே கணக்கில் 8100 × 12000 பிக்சல் வேண்டும். போஸ்டரைத் தள்ளி நின்றுதான் பார்ப்பார்கள், பாதி இருந்தாலும் சமாளிக்கலாம். 1080 ஃப்ரேம் அந்தப் பாதிக்கும் பக்கத்தில் வராது.

இன்னொரு தொல்லை அசைவு. ஒவ்வொரு ஃப்ரேமும் ஏறக்குறைய 1/50 விநாடி திறந்திருந்து பதிவானது. ஓடும் படத்தில் அழகாக இருக்கும் கை, நிறுத்திப் பார்த்தால் கலங்கித் தெரியும். படப்பிடிப்பில் ஸ்டில் போட்டோகிராபர் எடுத்த படங்கள் இருந்தால் அவற்றுக்கே முதலிடம் கொடுங்கள். இல்லை என்றால் நடிகர் பேசி முடித்து நிற்கும் கணத்தை, கண் கூர்மையாக இருக்கும் ஃப்ரேமைத் தேடுங்கள். கிரேடிங் முடிந்த மாஸ்டரிலிருந்து எடுங்கள். கேமராக் கோப்பிலிருந்து எடுத்தால் சாம்பல் பூத்த நிறத்தில் வரும். ஐந்தாறு ஸ்டில் போதும், சப்டைட்டிலோ வாட்டர்மார்க்கோ இல்லாமல். படத்தில் இருப்பவர் யார், எடுத்தவர் யார் என்று ஓர் உரைக்கோப்பும் கூட வையுங்கள். பத்திரிகையில் பெயர் மாறி வந்த பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

போஸ்டர்ல தமிழ் எழுத்து எனக்குச் சரியா தெரியுது, அச்சகத்துல உடையுதே?

டிசிபி பற்றிய பதிலில் சொன்ன அதே கொம்புக் கதைதான். ஃபோட்டோஷாப்பில் `World-Ready Layout` தேர்வு இல்லாத கணினியில் எழுத்துகள் பிரிந்துவிடும், ஃபான்ட் இல்லாவிட்டால் வேறு எழுத்துருவே வந்து உட்கார்ந்துவிடும். அச்சகத்துக்குப் போகும் கோப்பில் எழுத்தை வடிவமாக மாற்றிப் பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். எழுத்தைத் திருத்தக்கூடிய அடுக்குக் கோப்பு உங்களிடம் பத்திரமாக இருக்கட்டும். எழுத்தே இல்லாத போஸ்டர் ஒன்றும் வேண்டும், வெளிநாட்டு விழாவில் தங்கள் மொழியில் பெயர் போட அதைத்தான் கேட்பார்கள்.

எல்லாத்தையும் ஒரு ஹார்ட் டிஸ்க்ல போட்டு பீரோவுல வச்சிருக்கேன். அது போதாதா?

ஹார்ட் டிஸ்க் ஓடாமலே இருந்தாலும் ஒருநாள் ஓட மறுக்கும். எஸ்எஸ்டி-யை மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் வைத்தால் பதிவு கரையக்கூடும். ஒரே பிரதியை நம்பாதீர்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு ஊரில். குறும்படத்துக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு கிளவுட் கணக்கு என்று போனால் தாங்கும். ஒரு டிஸ்க் ஊரில் அண்ணன் வீட்டில் இருக்கட்டும். முழுநீளப் படம், கேமராக் கோப்புகளே பல டெராபைட் என்றால் எல்டிஓ டேப் எழுதித்தரும் கூடத்தை அணுகுங்கள்.

பிரதி எடுத்ததும் அது மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். கோப்பின் அளவு ஒன்றாக இருப்பது சான்றாகாது. நடுவில் ஒரு பைட் மாறினாலும் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண் ஒன்று இருக்கிறது. லினக்ஸில் இப்படி எடுக்கலாம். மாஸ்டர் இருக்கும் இடத்தில் முதல் வரி. அதில் உருவாகும் `MASTER.sha256` கோப்பையும் பிரதி இருக்கும் ஃபோல்டருக்கு நகலெடுத்து, அங்கே இரண்டாவது:

```
sha256sum MASTER.mov > MASTER.sha256
sha256sum -c MASTER.sha256
```

விண்டோஸில் `certutil -hashfile MASTER.mov SHA256` கொடுத்து வரும் எண்ணை ஒப்பிடுங்கள். அந்தச் சிறு உரைக்கோப்பை மாஸ்டர் கூடவே வைத்து, வருடம் ஒருமுறை டிஸ்கை இணைத்து மறுபடி சரிபாருங்கள். ஒன்று கெட்டிருந்தால் நல்ல பிரதியிலிருந்து அன்றைக்கே புதிது எடுத்துவிடலாம்.

ப்ராஜெக்ட் ஃபைல் பத்திரமா இருக்கு. எப்ப வேணும்னாலும் மறுபடி எக்ஸ்போர்ட் பண்ணிக்கலாமே?

ப்ராஜெக்ட் கோப்பில் படம் இல்லை, படம் எங்கே இருக்கிறது என்ற முகவரிதான் இருக்கிறது. கேமராக் கோப்புகள், ஃபான்ட், கிரேடிங் லட், ப்ளகின் எல்லாம் அதே பதிப்பில் கிடைத்தால்தான் அது உயிர் பெறும். அதையும் சேர்த்து வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பத்து வருடம் கழித்துத் திறக்கும் என்று நம்பி வைக்க வேண்டியவை மாஸ்டர், டெக்ஸ்ட்லெஸ் துண்டுகள், மூன்று வேவ் டிராக்குகள், எஸ்ஆர்டி, டிஃப் படமாகச் சேமித்த போஸ்டர், ஸ்டில்கள். அதே ஃபோல்டரில் இசை உரிமை, நடிகர் ஒப்பந்தம் இவற்றின் ஸ்கேன் பிரதியும் இருக்கட்டும். விற்கும் நேரத்தில் படத்தைவிட அந்தக் காகிதத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.

எல்லாம் அனுப்பின அப்புறம் நடுவுல ரெண்டு விநாடி வெட்டினேன். மாஸ்டரை மட்டும் மாத்தினா போதுமா?

போதாது. எட்டாவது நிமிடத்தில் வெட்டினீர்கள் என்றால், அதற்குப் பின் வரும் எல்லா சப்டைட்டில் வரிகளும் இரண்டு விநாடி முன்னால் வர வேண்டும். மூன்று வேவ் டிராக்குகளிலும் அதே இடத்தில் வெட்டு விழ வேண்டும், அந்த இடத்தில் இசை ஓடிக்கொண்டிருந்தால் மிக்ஸிங் பொறியாளர் இல்லாமல் முடியாது. டிசிபி, எம்பி4, சரிபார்ப்பு எண் மூன்றும் புதிது. வெட்டு டைட்டில் பகுதியில் இல்லை என்றால் டெக்ஸ்ட்லெஸ் துண்டுகள் தப்பிக்கும். ஸ்டிலும் போஸ்டரும் அப்படியே இருக்கலாம், வெட்டிய இரண்டு விநாடியிலிருந்து எடுத்த ஸ்டில் இல்லை என்றால்.

மாற்றிய ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் பதிப்பு எண்ணைக் கூட்டுங்கள். `V1` வீடியோவும் `V2` எஸ்ஆர்டி-யும் ஒரே ஃபோல்டரில் கிடந்தால் பெயரைப் பார்த்தே பிடித்துவிடலாம். "ஃபைனல்", "ஃபைனல் புதுசு" என்று பெயர் வைத்தால் அது முடியாது. ஏற்கெனவே அனுப்பிய விழாக்களுக்கு எழுதி, பழைய கோப்பை நீக்கிவிட்டுப் புதியதை ஏற்றிக்கொண்டோம் என்று பதில் வரும்வரை விடாதீர்கள். வீடியோவையும் எஸ்ஆர்டி-யையும் அவர்கள் தனித்தனியாக ஏற்றிக்கொள்வார்கள், ஒன்று மட்டும் மாறினால் எட்டாவது நிமிடத்திலிருந்து படம் முடியும்வரை சப்டைட்டில் பிசகித்தான் ஓடும்.